24 உட்காரும் இடம் 1 அல்ல, 0

“24-க்கு 3-ல் இடமில்லை, 4-லும் இல்லை, அங்கிருந்து 4 தள்ளினால் 1. விடை 1 தான், பாலிடெக்னிக் டியூட்டோரியல் தாளில் அப்படியே எழுதலாம்.”

தம்பி, 0 முதல் 6 வரை 7 இடங்கள் உள்ள ஹாஷ் அட்டவணையில் 10, 17, 24 என்ற எண்களை வரிசையாக குவாட்ராடிக் புரோபிங்கில் போடும் கேள்விக்கு இதை அப்படியே எழுதினால் மதிப்பெண் போகும். குவாட்ராடிக் புரோபிங்கில் ஒவ்வொரு தாவலும் மோதிய கடைசி இடத்திலிருந்து இல்லை, முதல் இடத்திலிருந்தே எண்ணப்படுகிறது; k என்பது போடும் எண், i என்பது இதுவரை மோதிய தடவை:

```
(k % 7 + i*i) % 7
```

10 காலியான 3-ல் உட்கார்ந்தது, 17 அங்கே மோதி 4-க்குப் போனது, இதுவரை நீங்கள் போட்டது சரி. அப்புறம் 24: 3, 4 இரண்டும் நிரம்பியதால் அடுத்தது 3+4=7, அதாவது 0. அடுத்து வரும் 31-ஐயும் போட்டுப் பாருங்கள், 3, 4, 0 தாண்டி 3+9=12, ஆக 5.

மேலே பதில் எழுதிய அக்கா ஒருவர் 24-க்கு 5 என்கிறார். மோதினால் ஒவ்வோர் இடமாக நகரும் லீனியர் புரோபிங் என்றால் அவர் சொல்வது சரி, கேள்வி அதுவல்ல.

இன்னொன்று, இதையும் சோதியுங்கள்: ஐந்தாவதாக 38 வந்தால் 3, 4, 0, 5 இந்த நான்கையே சுற்றிச் சுற்றி வரும், 1, 2, 6 காலியாக இருந்தும் இடம் கிடைக்காது. பாதிக்கு மேல் நிரம்பிய அட்டவணையில் இப்படி நடக்கலாம்.

புரோப் வரிசையை எழுதாமல் கடைசி இடத்தை மட்டும் எழுதினால் போதுமா என்பதை உங்கள் டியூட்டரிடம்தான் கேட்க வேண்டும்.