ஏழு வோட்டு விழுந்த நாளில ஏழு பேருக்கு வர ஏலாது

இண்டைக்கு புதன்கிழமை, ஆகஸ்ட் 13. வாற சனிக்கிழமை கல்லடியில எங்கட பெட்ச் ஒன்றுகூடல். பின்னேரம் சமைக்கிற அண்ணனுக்கு சாப்பாட்டுக் கணக்குச் சொல்லிட்டு வீட்ட வந்து போனைத் தூக்கினா, குரூப்ல ஒரு வொய்ஸ். "மச்சான், இத 17க்கு மாத்தேலாதா? ஒரு நாள்தானே. ஞாயிறு எண்டா எல்லாருக்கும் வசதி."

எல்லாருக்கும் வசதியாம். யார் அந்த எல்லாரும்? யாரிட்டயாவது கேட்டியா நீ? ரெண்டு மாசமா நான் கேட்டுக்கொண்டு திரிஞ்சனே, அப்ப எங்க இருந்தாய்? ஜூன் மாசம் குரூப்ல வோட்டுக் கேட்ட மெசேஜை, அதை அனுப்பினவன்ட போன்ல அமத்திப் பிடிச்சுப் பாத்தா ஆர் ஆர் வாசிச்சது எண்டு பேரோட காட்டும். உன்ர பேர் முதல் நாளே அதில இருக்கு. வாசிச்சிருக்கிறாய், வோட்டு மட்டும் போடேல்ல. போன் எடுத்துக் கேட்டா "பாத்து சொல்றன் மச்சான்". பேந்தும் கேட்டா "நீங்க போடுங்க, நான் எந்த நாளும் ஓகே". எந்த நாளும் ஓகே எண்டவன் மூண்டு நாளைக்கு முன்னம் வந்து நாளை மாத்தச் சொல்றான்!

சரி, இவனை விடுவம். பிழை இவனில தொடங்கேல்ல. அந்த வோட்டுக் கேட்ட விதத்திலயே தொடங்கிட்டு.

என்னோட சேத்து 18 பேர். ரெண்டு பேருக்காகத்தான் இந்த ஒன்றுகூடலே. ஒருத்தன் கட்டார்ல இருந்து ஒன்பது வருசத்துக்குப் பொறகு வாறான், மற்றவள் லண்டன்ல இருந்து பிள்ளைகளோட வாறாள். இதை எல்லாரும் ஓமெண்டு ஒத்துக்கொண்ட பொறகுதான் எங்கட ஒருத்தன் குரூப்ல வோட்டுப் போட்டான். கேள்வி இதுதான்: "எந்த நாள் விருப்பம்?" நாலு திகதி. ஆகஸ்ட் 2 சனி, 8 வெள்ளி போயா, 16 சனி, 23 சனி. அதோட `Allow multiple answers` எண்டு கீழ கிடக்கிறதை ஓஃப் பண்ணிட்டான். ஏன்டா எண்டு கேட்டன். "ஒன் பண்ணினா எல்லாரும் எல்லாத்துக்கும் குத்துவாங்க, வெல்லுற நாள் தெரியாது" எண்டான்.

வெல்லுற நாளாம்! இதென்ன பிரதேச சபைத் தேர்தலா? திகதி ஒண்டும் வெல்லத் தேவையில்லை. அந்த நாளில ஆக்கள் வந்து சேரோணும், அவ்வளவுதான். "விருப்பமா" எண்டு கேக்கிறதும் "வர ஏலுமா" எண்டு கேக்கிறதும் ரெண்டு வேற கேள்வி. ஒரு திகதிக்குத்தான் குத்தலாம் எண்டு பூட்டினா, மனுசர் தங்களுக்கு ஆக நல்ல நாளைக் குத்துவினம். மத்த மூண்டு நாளிலயும் அவங்களால வர ஏலுமா ஏலாதா எண்டு அந்த வோட்டில ஒரு சொட்டும் தெரியாது.

நடந்ததைச் சொல்றன். 14 பேர் குத்தினாங்க, நாலு பேர் வாயே திறக்கேல்ல. 8ஆம் திகதிக்கு ஏழு, 2ஆம் திகதிக்கு நாலு, 16க்கு ரெண்டு, 23க்கு ஒண்டு. உடனே குரூப்ல கைதட்டல், பட்டாசு. "8 பிக்ஸ் மச்சான், லோங் வீகென்ட்!" ஒருத்தி சாரிக்கு நிறமும் கேட்டுட்டாள்.

எனக்கு மனம் கேக்கேல்ல. ஒரு கொப்பித் தாளில 18 பேரையும் நிரையா எழுதி, மேல நாலு திகதியையும் போட்டு, ஒவ்வொருத்தருக்கா கோல் எடுத்தன். கேட்டது ஒரே கேள்வி: "இந்த நாலு நாளில எந்தெந்த நாள் உனக்குக் கட்டாயம் ஏலாது? ஏன்?" விருப்பத்தை நான் கேக்கவே இல்லை. ஏலாது எண்டதுக்கு ஒரு புள்ளடி, கஷ்டப்பட்டா வரலாம் எண்டதுக்கு ஒரு கோடு, ஒண்டும் இல்லாட்டி வெறும் பெட்டி. ரெண்டு இரவு போச்சு.

ஏழு வோட்டு விழுந்த அந்த 8ஆம் திகதியில ஏழு புள்ளடி. ரெண்டு பேற்ற பிள்ளைகள் 10ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை புலமைப்பரிசில் எழுதப் போகுதுகள். அஞ்சாம் ஆண்டுப் பிள்ளை உள்ள வீட்டில சோதனைக்கு முதல் ரெண்டு நாள் எப்படி இருக்கும் எண்டு தெரியாதவன் எங்கட ஊரில இருக்கிறானா? இன்னொருத்தி டீச்சர், அதே சோதனைக்கு அவளுக்கு டியூட்டி. ஒருத்தன் பாசிக்குடா ஹோட்டல்ல வேலை. ஆகஸ்ட் அங்க கடல் அடங்கின சீசன், போயாவோட வாற லோங் வீகென்ட்ல லீவு எண்ட சொல்லையே அங்க எடுக்க ஏலாது. நர்ஸா இருக்கிறவளுக்கு அண்டைக்கு டியூட்டி. கடைசி ரெண்டு பேர்தான் என்னைக் கொதிக்க வைச்சது. கட்டார்க்காரன் வந்து இறங்குறதே 11ஆம் திகதி. லண்டன்காரி 12.

ஆருக்காகக் கூடுறமோ அவங்க வானத்தில பறக்கேக்க நாங்க கல்லடியில புரியாணி தின்னப் போறமா? அந்த 2ஐயும் 8ஐயும் பட்டியலில போட்டதே ஆர்? அவங்கட நாளைக் கேக்காம வோட்டைத் திறந்தது ஆர்?

இதைக் கேட்டா அதுக்கு ஒரு பதில் இருக்கு. "அவங்க திகதி சொல்லேல்லடா." அவங்களுக்குக் கோல் எடுத்தா, "நீங்க திகதி போடுங்க, அதுக்கு ஏத்த மாதிரி டிக்கெட் போடுறம்." இப்படி ரெண்டு பக்கமும் ஒருத்தற்ற வாயை ஒருத்தர் பாத்துக்கொண்டு இருந்ததில மூண்டு கிழமை ஓடிச்சு. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழிதான் இருக்கு. ஆகக் குறைய அசையக் கூடியவனிட்ட முதல் கேக்கோணும். அவனிட்ட ஒரு நாளைக் கேக்கக் கூடாது, எதில இருந்து எது வரைக்கும் எண்டு கேக்கோணும். நான் அப்படிக் கேட்டன். கட்டார்ல லீவு தந்தா 11இல இருந்து ஒரு மாசம். லண்டன்காரி பிள்ளைகளோட 12 தொடக்கம் 21 வரைக்கும்தான் இங்க, பொறகு கொழும்பில மாமி வீடு. ரெண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சா 12இல இருந்து 21. அதுக்குள்ள ஒரே ஒரு சனி, ஒரே ஒரு ஞாயிறு. 16, 17. முடிஞ்சுது! நாலு திகதியில ரெண்டு முதலே செத்த திகதி. 23உம் செத்தது, அதுக்குள்ள லண்டன்காரி போயிடுவாள். இந்த மூண்டு செத்த திகதிக்குத்தான் 14 பேரில 12 பேர் வோட்டுப் போட்டாங்க.

இப்ப 16ஐப் பாருங்க. வோட்டில ரெண்டே ரெண்டு. என்ர தாளில மூண்டே மூண்டு புள்ளடி. 18இல 15 பேருக்கு வர ஏலும்! 8க்குக் குத்தின ஏழு பேரில ஆறு பேர் 16க்கும் வருவாங்க, அதை அவங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. எல்லாற்றயும் ரெண்டாவது விருப்பமா இருந்த நாள் அது. ஒத்தை வோட்டுக் கேட்டா இப்படிப்பட்ட நாள்தான் எப்பவும் அடிபட்டுப் போகும். காரணமும் கண்ணுக்கு முன்னால கிடக்கு. சோதனை முடிஞ்சிடும், போயா நெரிசல் போயிடும், ஆடி கடைசிச் சனி எண்டபடியா கலியாண வீடு ஒண்டும் இல்லை. 17 ஆவணி பிறக்குது, பேந்து பாருங்க எத்தனை கார்ட் வரும் எண்டு. 23க்கு நாலு பேர் ஏலாது எண்டதே அடுத்த நாள் வாற ஒரே கலியாணத்தாலதான்.

அந்த மூண்டு புள்ளடியும் எனக்கு நெஞ்சில குத்திக்கொண்டுதான் இருக்கு. டொரோண்டோக்காரனுக்கு ஆகஸ்ட் நடுவில லீவு கிடைக்கேல்ல, அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது. ஒருத்தன் நவகிரிப் பக்கம் சிறுபோகம் செய்தவன், அவன்ட வேளாண்மை வெட்டுக்கு மெசின் அந்தக் கிழமைதான் வருகுது. மெசின்காரன் வயல் வயலா வாறவன், எங்களுக்காக அவன்ட வரிசையை மாத்துவானா? ஆனா நர்ஸ்? அவள் எனக்கு என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க ஜூலை நடுவில சொல்லியிருந்தா ரோஸ்டர் போட முன்னம் மாறிக் கேட்டிருப்பன் டா. இப்ப போட்டுட்டாங்க." இவங்கட லோங் வீகென்ட் பட்டாசால ஒருத்தி வராமப் போறாள். ஒரே வாங்கில இருந்தவளை இருபது வருசமாக் காணாம வாற லண்டன்காரிக்கு நான் என்ன சொல்ல?

நான் ஜூலை கடைசியில தாளைப் படம் எடுத்துப் போட்டு, 16 எண்டு அறிவிச்சு, அந்த மெசேஜைக் குரூப்ல மேல பின் பண்ணி, "மாற்றம் சொல்ல கடைசி நாள் ஆகஸ்ட் 3 இரவு" எண்டும் எழுதினன். ஆகஸ்ட் 3 போச்சு, ஒரு சத்தம் இல்லை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டினன். கொழும்பில இருந்து வாற நாலு பேரும் வெள்ளி இரவு ரயிலுக்கும், ஞாயிறு திரும்பிப் போகவும் சீட் புக் பண்ணிட்டாங்க. பாசிக்குடாக்காரன் மனேச்சரோட சண்டை பிடிச்சு சனிக்கிழமை லீவு எடுத்துட்டான்.

இப்ப வந்து "ஒரு நாள்தானே".

ஒரு நாள் இல்லையடா. 17 எண்டா அந்தக் கொழும்பு நாலு பேரும் இல்லை, திங்கள் காலம வேலை. பாசிக்குடாக்காரன் இல்லை, அவனுக்குக் கிடைச்சது சனி மட்டும். நர்ஸுக்கு ஞாயிறும் டியூட்டி. வெட்டு மெசின் ஞாயிறும் ஓடும். அதோட டொரோண்டோ. கூட்டிப் பார். மூண்டு புள்ளடி எட்டாகும். உன்ர ஒரு பெட்டி வெறுமையாக வாறதுக்கு அஞ்சு பேரை நான் வெளியில விடோணுமா? உன்னோட வாங்கில இருந்தவங்கதானே அந்த அஞ்சு பேரும்!

உனக்கு 16 ஏலாது எண்டா எனக்குக் கவலைதான், மெய்யாத்தான் சொல்றன். ஆனா இது ஜூன்ல சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அண்டைக்குச் சொல்லியிருந்தா அது தாளில ஒரு புள்ளடியா விழுந்திருக்கும், மற்றவங்கட புள்ளடியோட சேத்து எண்ணியிருப்பன். சும்மா இருந்ததை நான் "ஓம்" எண்டு எடுக்கவும் இல்லை, "இல்லை" எண்டு எடுக்கவும் இல்லை. அதுக்காகத்தான் உனக்கு மூண்டு தரம் கோல் எடுத்தன்.

திகதி மாறாது. 16, சனிக்கிழமை, பகல் 11 மணி, கல்லடி. சோறு 15 பேருக்குச் சொல்லியாச்சு. அதில உன்ர பேரும் இருக்கு, நான் வெட்டேல்ல. வாறதெண்டா நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள எனக்கு கோல் எடு. "பாத்து சொல்றன்" எண்டு மட்டும் சொல்லாத.