தேர்வுக் கட்டணம் கேட்டு வந்த மெயில்

எங்கள் டீமில் சேர்ந்து ஒன்றரை வருடமான பையன் ஒருவன், அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் சான்றிதழ் தேர்வுக்குக் கம்பெனி பணம் கட்டுமா என்று கேட்டு மெயில் அனுப்பியிருந்தான். முக்கால் பக்கம். "என் வளர்ச்சிக்கு", "என் கெரியருக்கு" என்று நாலு இடத்தில் எழுதியிருந்தான். எவ்வளவு பணம் என்று ஓர் இடத்தில்கூட இல்லை.

அதை அப்படியே ஃபைனான்ஸுக்கு அனுப்பினால் "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். அதனால் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

முதலில் கணக்கு. கட்டணம் 150 டாலர், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 177 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 15,045 ரூபாய். அவன் கைக்கு வரும் மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல் அது. மெயிலின் முதல் வரியில் வர வேண்டிய எண் இதுதான் என்றேன்.

அப்புறம், "இந்தப் படிப்பில் நம்ம டீமுக்கு இப்பவே உதவுற மாதிரி ஏதாவது பார்த்தியா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நம்ம ஏடபிள்யூஎஸ் பில்லில் ஒண்ணு இருக்கு அக்கா" என்றான்.

எங்கள் சர்வர்கள் ஏடபிள்யூஎஸ்ஸின் வடக்கு வர்ஜீனியா ரீஜனில், இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத பிரைவேட் சப்நெட்டில் இருக்கின்றன. வெளியே போகும் எல்லாமே நாட் கேட்வே என்ற பொது வாசல் வழியாகத்தான் போகும். அந்த வழியில் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் 0.045 டாலர். பில்லில் `NatGateway-Bytes` என்று முடியும் வரியில் மாதம் சுமார் 5,000 ஜிபி இருந்தது. எந்த டேட்டா எங்கே போகிறது என்று பதியும் ஃப்ளோ லாக்கை அவன் ஒரு நாள் போட்டுப் பார்த்திருக்கிறான். அதில் ஐந்தில் நாலு பங்கு, அதே ரீஜனில் உள்ள எஸ்3 என்ற ஸ்டோரேஜுக்குப் போகும் எங்கள் பேக்கப். அதாவது 4,000 ஜிபி, மாதம் 180 டாலர். நாட் கேட்வேயைத் தொடாமல் எஸ்3-க்குப் போகும் தனி வழியான கேட்வே எண்ட்பாயிண்ட் போட்டால் அந்த 180 டாலர் மிச்சம், ஏனென்றால் அந்த எண்ட்பாயிண்டுக்குக் கட்டணமே கிடையாது. வேலையும் ஒரே கமாண்ட்தான்:

```
aws ec2 create-vpc-endpoint --vpc-id <vpc-id> \
  --service-name com.amazonaws.us-east-1.s3 \
  --route-table-ids <rtb-id>
```

ஒரு மாத மிச்சத்திலேயே தேர்வுக் கட்டணம் வந்துவிடுகிறது. இதை ஏன் மெயிலில் எழுதவில்லை என்று கேட்டேன். "பில்லைக் குறை சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருந்தது அக்கா" என்றான். இந்தப் பயத்தை நான் நிறைய ஜூனியர்களிடம் பார்த்திருக்கிறேன். அதை அவர்களுக்குள் விதைப்பது நாங்கள்தான், மேலே இருப்பவர்கள்.

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். எஸ்3 பக்கெட்டுக்குள் யாரை விடலாம் என்று சொல்லும் எங்கள் பக்கெட் பாலிசி ஒன்றில், நாட் கேட்வேயின் பப்ளிக் ஐபியிலிருந்து வந்தால் மட்டும் அனுமதி என்று `aws:SourceIp` நிபந்தனை இருக்கிறது. எண்ட்பாயிண்ட் வழியாகப் போனால் அந்த ஐபி தெரியாது, பேக்கப் "ஆக்சஸ் டினைட்" என்று நின்றுவிடும். முதலில் அந்த இடத்தில் `aws:SourceVpc` நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். ரூட் மாறும் நேரத்தில் ஏற்கெனவே ஓடும் இணைப்புகள் அறுந்துபோகும் என்பதால், பேக்கப் ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் மறுநாளே நாட் கேட்வே வழியாகப் போகும் அளவைக் காட்டும் கிளவுட்வாட்ச் வரைபடம் இறங்கிவிடும். இந்தச் சிக்கலையும் மெயிலிலேயே எழுதச் சொன்னேன். லாபத்தை மட்டும் எழுதும் மெயிலைவிட, எங்கே உடையும் என்றும் எழுதும் மெயிலை நான் நம்புவேன்.

இரண்டாவது மெயில் ஒன்பது வரிதான். தொகை, பில், செய்யப்போகும் மாற்றம், தேர்வுத் தேதி. கடைசியில் அவனாகவே சேர்த்த ஒரு வரி: "தேர்ச்சி பெறாவிட்டால் 14 நாள் கழித்து மறுபடி எழுதலாம், அதற்கு முழுக் கட்டணம் மீண்டும் உண்டு. அதை நான் கட்டிக்கொள்கிறேன்."

அந்த வரியை நான் எடுக்கச் சொன்னேன். 1,000-க்கு 720 வாங்க வேண்டிய தேர்வில் 700 வாங்கியவன் ஒன்றும் படிக்காதவன் இல்லை. பாஸானால் மட்டும் பணம் திரும்பத் தருவோம் என்ற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது எனக்குப் பிடிக்காது. பதினைந்தாயிரத்தை முன்னால் எடுத்து வைக்க முடிந்தவன்தான் அங்கே எழுதுவான், வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பான். கம்பெனி கார்டிலேயே நேராகக் கட்டிவிடலாம். இரண்டாவது முறைக்கும் பாதியாவது கொடுக்கலாம். இந்தத் தொகைக்காக ஒரு வருட பாண்ட் எழுதி வாங்குவது தப்பு.

ஃபைனான்ஸில் இரண்டே நாளில் ஓகே சொன்னார்கள். இரண்டாவது முறைக்கான பாதிக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை, திங்கட்கிழமை மறுபடி கேட்கப் போகிறேன்.