உண்ணிக்கொக்கு மாட்டு பின்னாடி போறது உண்ணிக்காக இல்ல

எங்க பாகூர் பக்கம் அறுப்பு முடிஞ்சு மாட்ட தாள்ல மேயவிட்டா போதும், எங்கேர்ந்துதான் வருமோ, ஒரு மாட்டுக்கு ஒண்ணு ரெண்டுன்னு வெள்ளக் கொக்கு வந்து சேந்துடும். பேரே உண்ணிக்கொக்குன்றதால அது மாட்டு மேல இருக்குற உண்ணிய தின்ன வருதுன்னுதான் நானும் ரொம்ப நாள் நம்புனேன். போன மாசம் பக்கத்து வீட்டு பெரியப்பா கன்னுக்குட்டி காதுக்குள்ள உண்ணி கொத்தா இருந்துச்சு, மருந்து போடலாம் பெரியப்பான்னு சொன்னா "அதெல்லாம் கொக்கு பாத்துக்கும்டா"ன்னுட்டாரு. அதனாலதான் இத எழுதுறேன்.

ஒரு நாள் காலைல வரப்புல ஒக்காந்து எங்க செவலையயும் அது கூட நடந்த கொக்கையும் மட்டும் பாத்துட்டே இருந்தேன். கொக்கு கண்ணு மாட்டு ஒடம்புல இல்லவே இல்ல, முன்னங்கால் கொளம்பு பக்கத்துலயும் வாய் பக்கத்துலயும் தரையதான் பாக்குது. புல்லோட புல்லா பச்சையா ஒட்டிக்கிட்டு இருக்குற வெட்டுக்கிளி அசையாம இருக்குற வரைக்கும் யார் கண்ணுக்கும் தெரியாது, மாடு கால எடுத்து வைக்கும்போது உயிர் பயத்துல தாவும் பாருங்க, அந்த ஒரு தாவல்தான் அதுக்கு எமன், கழுத்த முன்னாடி நீட்டி ஒரே கொத்து. செவலை படுத்து அசை போட ஆரம்பிச்சதும் கொக்கு கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு மேஞ்சுட்டு இருந்த எருமைகிட்ட போயிடுச்சு. உண்ணிக்காக வர்றதா இருந்தா படுத்திருக்குற மாடுதானே அதுக்கு வசதி?

இத ஆராய்ச்சி பண்ணவங்க எண்ணியே பாத்துருக்காங்க. தனியா மேயுற கொக்க விட மாட்டோட போற கொக்குக்கு 3.6 மடங்கு வரைக்கும் இரை கூட கிடைக்குதாம். மாட்டோட வேகத்தயும் பாத்துதான் தேர்ந்தெடுக்குமாம், நிமிஷத்துக்கு 5லேர்ந்து 15 அடி வைக்குற மாடுன்னா சரி, அதவிட வேகமா போனா பின்னாடியே ஓடணும், மெதுவா போனா பூச்சி கெளம்பாது. ஏர் ஓட்டும்போது டிராக்டர் பின்னாடி கூட்டமா வருதே, அங்கயும் இரை கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்குது, ஆனா அதிகமா நடக்கணும். ஒரு மாட்ட புடிச்ச கொக்கு இன்னொண்ணு வந்தா கொஞ்சம் வெரட்டும், கூட்டமா வந்துட்டா விட்டுட்டு வேற எடம் போயிடும்.

மாட்டு மேல ஏறி ஈய புடிக்கும், எப்பவாச்சும் ஒரு உண்ணியயும் கொத்தும், இல்லன்னு சொல்லல. ஆனா அதோட சாப்பாட்டுல உண்ணி ரொம்ப கொஞ்சம்தான். உண்ணி ஒளியுற எடம் காதுக்குள்ள, தொடை இடுக்குல, வாலடில, மடிகிட்ட, அங்கெல்லாம் கொக்கு மூக்கு எங்க போகும்?

இன்னொண்ணு, இந்த கொக்குக்கு 1783ல வச்ச அறிவியல் பேர்ல வர்ற "கோரமண்டா" நம்ம சோழமண்டலக் கரையதான் குறிக்குது. நம்ம கரை பேர வச்சிருக்குற பறவை என்ன திங்குதுன்னே நமக்கு தெரியலன்றதுதான் எனக்கு வருத்தம்.

நேத்து பெரியப்பாவ கூட்டிட்டு போய் அதே வரப்புல அரை மணி நேரம் ஒக்கார வச்சேன். சாயங்காலம் அவரே கன்னுக்குட்டிய மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிட்டு போனாரு.