மஞ்சக்குப்பம் செருப்புக் கடையை மூடுகிறோம்: 25ஆம் தேதி கடைசி

கடலூர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். கடை வாசலில் 'கடைசி 3 நாள்' என்று துணி பேனர் தொங்கும். மழை, வெயில் எல்லாம் பட்டு பேனர் வெளுத்துப் போயிருக்கும், கடை மட்டும் திறந்தே இருக்கும். அதனால்தான் எங்கள் போர்டைப் பார்த்த ஒரு பெரியவர், "என்ன தம்பி, நிஜமாவே மூடுறீங்களா, இல்ல சும்மாவா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நிஜமாகவே மூடுகிறோம். மஞ்சக்குப்பம் கடையின் வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புது வாடகைக்கு அங்கே ஓடும் வியாபாரம் கட்டுபடியாகாது. திருப்பாப்புலியூர் கடை வழக்கம்போல இருக்கும். மஞ்சக்குப்பத்தில் வேலை செய்யும் இரண்டு பேரும் பாலத்தைத் தாண்டி அங்கே வருகிறார்கள்.

விற்பனை 25ஆம் தேதி இரவு 9 மணியோடு முடியும். 30ஆம் தேதி சாவியை ஒப்படைக்கிறோம். நடுவில் இருக்கும் நாட்கள் ரேக் கழற்றவும் கணக்கு முடிக்கவும்தான், அப்போது வந்து கேட்டால் விற்க மாட்டோம். மிஞ்சும் சரக்கு இதே விலைக்குத் திருப்பாப்புலியூர் வந்துவிடும். அதனால் கடைசி நாளில் இன்னும் குறையும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

விலை பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் எம்.ஆர்.பி. 999 என்று இருக்கும் ஒரு தோல் செருப்பை நாங்கள் எப்போதும் 850க்குத்தான் விற்றோம். இப்போது 600. எம்.ஆர்.பி.யை வைத்துப் பார்த்தால் '40 சதவீதம் தள்ளுபடி' என்று பெரிதாக எழுதலாம், பொய்யும் இல்லை. ஆனால் போன மாதம் 999 கொடுத்து யாரும் வாங்கவில்லையே? உண்மையில் குறைந்தது 250 ரூபாய், அதாவது சுமார் 29 சதவீதம். அதனால் சீட்டில் 'நேற்று வரை 850, இன்று 600' என்று மட்டும் எழுதியிருக்கிறோம். குறைத்த விலை ஸ்டிக்கரைப் பழைய எம்.ஆர்.பி. மேல் ஒட்டி மறைக்கக் கூடாது என்பது சட்டமே. எந்தக் கடையிலும் ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர் தெரிந்தால் நகத்தால் கிளப்பிப் பாருங்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கு 7, 8, 9 ஓரிரு ஜோடிதான் மிச்சம். 6, 10 நிறைய இருக்கிறது. மூடும் கடையில் எப்போதும் இப்படித்தான், ஓடுகிற சைஸ் ஓடிவிடும். எல்லா சைஸும் வரிசையாக அடுக்கியிருந்தால், சேலுக்கென்றே புதுசாக இறக்கிய சரக்கோ என்று நான் சந்தேகப்படுவேன்.

இனி விற்காத சரக்கு பற்றி. பி.யூ. சோல் வைத்த ஷூவும் செருப்பும் 43 ஜோடியை ரேக்கிலிருந்து எடுத்துவிட்டோம். பி.யூ. என்பது லேசான, மெத்தென்ற சோல். காற்றில் இருக்கும் ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே அரிக்கும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். போட்டு நடப்பதைவிடப் பெட்டியில் சும்மா கிடப்பதுதான் பல சமயம் சீக்கிரம் போகும். மேலே பார்த்தால் பளபளவென்று புதுசு மாதிரியே இருக்கும். சில வருஷத்துக்கு முன் எங்களிடம் ஒருவர் அப்படி ஒரு பழைய ஷூவை வாங்கிப் போனார். மகள் நிச்சயதார்த்தத்தில் மண்டபப் படி ஏறும்போது சோல் கேக் மாதிரி உதிர்ந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், ஆனால் அந்த மனுஷன் அன்றைக்குச் சபையில் வெறுங்காலோடு நின்றாரே.

அதனால் எங்கே வாங்கினாலும் பெட்டியில் தயாரித்த மாதம், வருஷம் பாருங்கள். சோலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். குழி எழும்பாமல் நின்றாலோ, பிசுபிசுப்பாக இருந்தாலோ வேண்டாம். நன்றாக வளைத்தால் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வேண்டாம். ரப்பர் சோலுக்கு இந்தக் குறை இல்லை. அதற்கு வயசாவது வேறு விதம், கெட்டிப்படும்.

வாங்கியது அளவு சரியில்லை என்றால் அடுத்த மாதம் 15ஆம் தேதி வரை திருப்பாப்புலியூர் கடையில் மாற்றிக்கொள்ளலாம். அதே சைஸ் இல்லாவிட்டால் பணம். பில் மட்டும் கொண்டு வாருங்கள்.

அப்புறம், தைக்கக் கொடுத்துவிட்டு வாங்காமல் போன செருப்புகள் 11 ஜோடி இருக்கின்றன. ஒன்று சின்னக் குழந்தையுடையது, சிவப்பு வார், ஒரு பக்கிள் மட்டும் புதுசு. அந்தக் காலுக்கு இப்போது பத்தாது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எடுத்து வைத்திருக்கிறோம். 25க்குள் மஞ்சக்குப்பத்திலும், அதற்குப் பிறகு திருப்பாப்புலியூரிலும் கிடைக்கும். டோக்கன் தொலைந்திருந்தால் பரவாயில்லை, அடையாளம் சொன்னால் போதும்.