வயசைக் கேட்டு எழுதுங்க

"ஜீனோகிராம்னா வம்சாவளி படம் தானே, அதுல பயம் எங்க தெரியும்?"

வயசுலதாங்க தெரியும். குடியாத்தம் பக்கம் ஒரு குடும்பம், 14 வயசு பொண்ணுக்கு ஸ்கூல் கிளம்பும்போதெல்லாம் வயித்துவலி, ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. ஆணுக்கு சதுரம் பொண்ணுக்கு வட்டம்னு மூணு தலைமுறை போட்டுட்டு வரும்போது அம்மாவப் பெத்த பாட்டி, தன்னோட மூத்த பையன் கிணத்துல விழுந்து போயிட்டான்னு சொல்லி நிறுத்திட்டாங்க, சதுரத்துல பெருக்கல் குறி போட்டு வயசு கேட்டா 14. அதுக்கப்புறம் பொண்ணோட அம்மாவ வாசல் தாண்டவே விடலையாம், இப்ப அந்த அம்மா தன் மகளுக்கு தினம் நாலு போன், அதனால ரெண்டு பேருக்கும் நடுவுல மூணு கோடு, அதாவது ஒட்டிக்கிட்ட உறவு. பரம்பரையா பழக்கமான்னு படம் பிரிச்சு சொல்லாது, அடுத்து என்ன கேக்கணும்னுதான் காட்டும். நாங்க பாட்டிகிட்ட அந்தப் பையனப் பத்திதான் கேட்டோம்.