ஒரு எழுத்துதானே அண்ணா

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை பழைய கம்பெனி நண்பர் ஒருவர் போன் பண்ணி, "ஏன் ஒரு சின்னப் பையனோட போய் மல்லுக்கட்டுற" என்று கேட்டதும் பொறுக்க முடியவில்லை. நான் யாரோடும் மல்லுக்கட்டவில்லை. ஒரு வரிசை தப்பு என்று சொன்னேன், அவ்வளவுதான்.

எந்த வீடியோ என்று உங்களுக்குத் தெரியும். அசெம்பிளி டிராயிங்கை போட்டோ எடுத்து, அதிலிருக்கும் பிஓஎம் என்கிற உதிரிபாகப் பட்டியலை ஒரு ஆப் முப்பது செகண்டில் எக்செல் ஆக்கும் வித்தை. 34 வரிசை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் முதலில் லைக்தான் போட்டேன், ஸ்க்ரீன்ஷாட் வேண்டுமானால் தருகிறேன். அப்புறம்தான் ஐந்தாம் ஐட்டம் கண்ணில் பட்டது. பேரிங், 6205-2RS C3. அதே டிராயிங்கில் வெட்டுத் தோற்றத்தில், பேரிங் உட்காரும் துளையான ஹவுசிங் போர் 62 என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. 6205-இன் வெளி விட்டம் 52. பத்து மில்லிமீட்டர் இடைவெளியில் பேரிங் என்ன ஊஞ்சலா ஆடும்? 25 ஷாஃப்ட்டுக்கு 62 வெளி விட்டம் என்றால் அது 6305 ஆக இருக்கலாம், ஒருமுறை கிட்டே போய்ப் பாருங்கள் தம்பி என்று எழுதினேன். தம்பியும் போய்க் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போட்டார். 6305 தான். கீழேயே பதிலும் போட்டார்: "ஒரு எழுத்துதானே அண்ணா, 99 பர்சென்ட் கரெக்ட்டா வந்திருக்கே." அதற்கு நூற்றுப் பத்து பேர் சிரிப்பு.

சரி, அந்த 99-ஐயே எடுத்துக்கொள்வோம். எழுத்துக்கு எழுத்து 99 சதவீதம் சரி என்றால், பத்து எழுத்துள்ள ஒரு பார்ட் நம்பர் முழுசாகச் சரியாக வர வாய்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம்தான். 0.99-ஐப் பத்து தடவை பெருக்கிப் பாருங்கள். 34 வரிசையில் மூன்று வரிசை தப்பு. எந்த மூன்று என்று யாருக்கும் தெரியாது, அதுதான் என் வயிற்றெரிச்சலே. விளக்க வரியில் BEARING என்பது BEARLNG என்று வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, படிக்கிறவன் புரிந்துகொள்வான். பார்ட் நம்பரில் புரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. அது அப்படியே இருந்தால்தான் நம்பர், இல்லாவிட்டால் அது வேறொரு பொருளின் நம்பர்.

இன்னும் ஒன்று. 6305 என்பதை 63O5 என்று, நடுவில் ஓ எழுத்து போட்டு ஆப் படித்திருந்தால் நான் கவலையே பட்டிருக்க மாட்டேன். பேரிங் கடைக்காரரே கேட்டுவிடுவார். 6205 என்று படித்தால் அவர் என்ன கேட்பார்? எத்தனை வேணும் என்று கேட்பார். அது கடையில் இருக்கிற நம்பர். உள் விட்டம் இரண்டுக்கும் 25 தான், ஷாஃப்ட்டில் அழகாக ஏறும். பெட்டியைப் பிரித்து, ஷாஃப்ட்டில் ஏற்றி, ஹவுசிங்கில் இறக்கும்போதுதான் தெரியும். அசிங்கமாக வரும் தப்பு நல்ல தப்பு, நம்மிடம் மாட்டிவிடும். சரியான நம்பர் போலவே வேஷம் போட்டு வரும் தப்பை எந்த ஆப்பும் சிவப்பு அடித்துக் காட்டாது.

ஏன் 3 போய் 2 ஆனது? ஆப்பைத் திட்டிப் பயனில்லை, போட்டோவைப் பாருங்கள். ஏ1 ஷீட்டைத் தரையில் விரித்து, நின்றுகொண்டே முழுசையும் எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருக்கிறார். அது சுருங்கி அகலவாக்கில் 1600 பிக்சல் ஆகிவிட்டது. ஏ1 ஷீட்டின் நீளம் 841 மில்லிமீட்டர், ஆக ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு பிக்சல்கூட இல்லை. அட்டவணை எழுத்தின் உயரம் 2.5 மில்லிமீட்டர் என்றால் ஒரு எழுத்துக்கு ஐந்து பிக்சல்தான் கிடைக்கும். 3-க்கும் 2-க்கும் வித்தியாசமே கீழ்ப்பாதியில்தான், அங்கே இருப்பது இரண்டு மூன்று புள்ளி. 8-ம் B-யும், 5-ம் S-ம் அதே கதை. அதில் ஆப் எதைப் படிக்கும்? ஊகிக்கும். அதே போனில், 4000 பிக்சல் அகலப் படத்தில், 180 மில்லிமீட்டர் அகலமுள்ள அட்டவணையை மட்டும் ஃபிரேம் நிறைய எடுத்து, டாக்குமெண்டாக அனுப்பினால் எழுத்துக்கு ஐம்பது பிக்சலுக்கு மேல் வரும். இருபது முப்பது இருந்தாலே, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓசிஆர் ஒழுங்காகப் படிக்கும். குனிந்து ஒரு படம் எடுப்பதுதான் வேலை. முப்பது செகண்ட் நாற்பது செகண்ட் ஆகியிருக்கும், வீடியோவுக்குத் தலைப்பு மாற்ற வேண்டியிருக்கும், அதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

"டிராயிங்கின் ஒரிஜினல் CAD ஃபைல் கேட்டு வாங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லையே" என்று ஒருவர் வருவார். உண்மைதான். கிடைத்தால் வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் வந்த மெஷினுக்கு, லேமினேட் பண்ணிச் சுவரில் ஒட்டியிருக்கும் டிராயிங்குக்கு, யாரிடம் போய் ஃபைல் கேட்பது?

"அதான் நீங்களே 62 போரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டீர்களே, ஆப் தப்பாகப் படித்தாலும் அனுபவசாலி திருத்திக்கொள்ளலாமே" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பாராட்டு மாதிரி இருந்தது. இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் அப்படித் திருத்தி அடி வாங்கியவன் நான்.

பதினோரு வருஷம் முன்னால், கோயம்புத்தூரில் ஒரு ஜாப் ஒர்க் ஷாப்பில் பிளானிங் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்ப் ஸ்லீவ் ஆர்டர், 60 எண்ணம். கஸ்டமர் டிராயிங்கின் மங்கிய நகல். பார்ட் நம்பர் K4O-117. நடுவில் இருப்பது ஓ எழுத்து, ஜீரோ இல்லை, பக்கத்திலேயே இருந்த ஜீரோக்களைவிட உருண்டையாகத் தெளிவாக இருந்தது. எனக்குத்தான் புத்தி அதிகமாயிற்றே. வண்டி நம்பர் பிளேட் சீரிஸிலேயே ஐ, ஓ போட மாட்டார்கள், யார் பார்ட் நம்பரில் ஓ போடுவார்கள், டிராஃப்ட்ஸ்மேன் தப்பு என்று முடிவு கட்டி K40-117 என்று அடித்தேன். ஜாப் கார்டு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், டெலிவரி சலான், டேக் எல்லாவற்றிலும் அதுவே போனது. அவர்கள் சிஸ்டத்தில் K4O-ம் இருந்தது, K40-ம் இருந்தது. எந்தக் காலத்திலோ எவரோ ஓ-வை அடித்து மாஸ்டரில் ஏற்றிவிட்டார்கள், அதுவே நம்பர் ஆகிவிட்டது. என் 60 ஸ்லீவும் வேறொரு பொருளாக இன்வர்ட் ஆகி வேறொரு ரேக்குக்குப் போய்விட்டன. அளவெல்லாம் மிகச்சரி, ஒரு மைக்ரான் குறையில்லை. ஆனால் அவர்கள் லைனில் ஸ்லீவ் இல்லை. டெபிட் நோட் வந்தது. அதைவிட, எங்கள் முதலாளி எல்லார் முன்னாலும் "வாங்க சயின்டிஸ்ட்" என்று கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். டிராயிங்கில் இருப்பதை இருக்கிறபடி எடு. தப்பாக இருந்தாலும் தப்பாகவே எடு. சந்தேகத்தைப் பக்கத்தில் எழுது. என் ஷீட்டில் இன்றைக்கும் இரண்டு நெடுவரிசை உண்டு, "படித்தபடி" என்று ஒன்று, "சந்தேகம்" என்று ஒன்று. ஐந்தாம் ஐட்டம் படிக்கவே முடியவில்லை என்றால் படித்தபடியில் 6?05-2RS C3 என்றுதான் போடுவேன், சந்தேகத்தில் "போர் 62, 6305 ஆகலாம், ஒரிஜினல் பார்க்கவும்". 62 போர் எனக்குக் கேள்வி கேட்கத்தான் உதவும், பதில் எழுத உதவாது. போர் அளவே கூடத் தப்பாக இருக்கலாமே, அதைத் திருத்திய ரிவிஷன் நம் கைக்கு வராமல் இருக்கலாமே.

"அப்போ ஆப்பே வேண்டாமா, நீங்க பழைய பஞ்சாங்கம்" என்றும் ஒரு கமெண்ட். ஐயா, நானும் ஓசிஆர்தான் பயன்படுத்துகிறேன். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் load_system_dawg, load_freq_dawg இரண்டையும் 0 ஆக வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வெட்டி, ஒற்றை வரியாகப் படி என்று சொல்லும் --psm 7 கொடுத்து ஓட்டுகிறேன். அந்த dawg இரண்டும் அகராதி. வார்த்தைக்கு அகராதி நல்லது, நம்பரை அது தனக்குத் தெரிந்த வார்த்தை மாதிரி ஆக்கப் பார்க்கும். ஒரே அட்டவணையை இரண்டு போட்டோ எடுத்துத் தனித்தனியாகப் படிக்கவிட்டு, ஒத்துப்போகாத கட்டத்தை மஞ்சள் அடிக்கிறேன். ஒத்துப்போனால் சரி என்று அர்த்தமில்லை, இரண்டிலும் ஒரே மடிப்பு விழுந்திருக்கலாம். அதனால் கடைசியில் ஆள் படித்துத்தான் ஆக வேண்டும். ஸ்கேலை வரிசைக்குக் கீழே வைத்து, ஒருவர் ஒரிஜினலைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, இன்னொருவர் ஷீட்டில் டிக் அடிக்க வேண்டும். "ஆறு, மூணு, ஜீரோ, அஞ்சு, ஹைஃபன்." ஜீரோவை ஓ என்று சொல்லக் கூடாது, போனில் நம்பர் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. 34 வரிசைக்கு இருபது நிமிஷம் ஆகும்.

இவ்வளவு பண்ணி எக்செலில் பேஸ்ட் பண்ணும்போது கோட்டை விடுகிறவர்களும் உண்டு. 00418 என்பது 418 ஆகும். 07-12 என்பது டிசம்பர் 7 ஆகும். 2E10 என்பது 2.00E+10 ஆகும். பேஸ்ட் பண்ணுவதற்கு முன்னாலேயே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும், பின்னால் மாற்றினால் போன ஜீரோ திரும்பி வராது. வீடியோவில் 21-ஆம் ஐட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் பொறாமை என்பார்கள்.

ஆமாம், பொறாமை என்று நேரடியாகவே எழுதினார்கள். நம்பர் எண்ணுகிற கிளார்க் என்றார் ஒருவர். இருக்கட்டும். அந்த பிஓஎம்மை வைத்து நாளைக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போடப் போவது ஒரு பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பளப் பையன். பேரிங் பொருந்தாதபோது ஃபிட்டர் அவன் முகத்தில்தான் பெட்டியை வீசுவார், வீடியோ போட்டவரிடம் யாரும் போக மாட்டார்கள். அவனுக்கு எக்செல் மட்டும்தான் வந்திருக்கும், போட்டோகூட வந்திருக்காது. எதைப் பார்த்துச் சரிபார்ப்பான்? ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் அந்தக் கட்டத்தின் படத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்திருந்தால் அவனாவது பார்த்திருப்பான். இதைத்தான் கமெண்டில் கடைசியாகக் கேட்டேன். பதில் வரவில்லை, என்னை பிளாக் பண்ணிவிட்டார்.

வேறு ஐடியிலிருந்து இப்போதுதான் பார்த்தேன். ஐட்டம் 5 இன்னும் 6205 தான்.