தாத்தா ஏன் கலகலவெனச் சிரிக்க வேண்டும்?

மூன்றாவது முறையாக என் மொழிபெயர்ப்புக் கதையின் மெய்ப்பு திரும்பி வந்திருக்கிறது. இந்த முறையும் அந்தத் தாத்தா கலகலவெனச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்ட நேரம். தனி அறை, மேசை விளக்கு, கையில் ஒரு கடிதம். எழுபது வயது மனிதர் அந்த இடத்தில் கலகலவெனச் சிரித்தால் பக்கத்து அறையில் படுத்திருப்பவர்கள் பதறி எழுந்து வந்துவிடுவார்கள். கதையில் யாரும் எழுந்து வரவில்லை. வரக்கூடாது. அவர் சிரித்தது யாருக்கும் தெரியாது என்பதுதான் கதையே.

ஒரு ஆங்கிலச் சிறுகதையைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன், தொகுப்பு ஒன்றுக்காக. குடும்பத்தில் ஒரு சாவு. பத்தாம் நாள் உறவினர்கள் கூடுகிறார்கள். வக்கீல் உயிலைப் படிக்கிறார். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் நான்கு பேர் சிரிக்கிறார்கள். எழுதியவர் நான்கு பேருக்கும் நான்கு சொல் போட்டிருக்கிறார். மாமா செய்தது கஃபா. பத்தொன்பது வயதுப் பெண் செய்தது கிகிள். சொத்து தன் பக்கம் வந்ததும் அத்தை செய்தது சார்ட்டில். இரவில் தனியாகக் கடிதம் படிக்கும் தாத்தா செய்தது சக்கிள். நானும் நான்கு விதமாகத்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவர் மூன்றைக் 'கலகலவெனச் சிரித்தார்' ஆக்கிவிட்டார். மிச்சம் ஒன்று 'சிரித்தாள்'.

கேட்டால், "சிரிப்புன்னா சிரிப்புதானே சார், வாசகருக்கு ஓடணும்ல" என்கிறார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வருகிறது. சிரிப்புன்னா சிரிப்புதான் என்றால் அழுகைன்னா அழுகைதானா? விசும்புகிறவளையும் ஒப்பாரி வைக்கிறவளையும் ஒரே சொல்லில் எழுதினால் அவர் விடுவாரா? விடமாட்டார். சிரிப்பு என்றால் மட்டும் இளக்காரம்.

கலகல என்ற சொல்லையே முதலில் பார்ப்போம். வளையல் கலகலக்கும், சில்லறை கலகலக்கும். விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள் 'வீடு கலகலன்னு இருந்துச்சு' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் வாய் திறந்திருக்கிறது, ஓசை வெளியே தெறிக்கிறது, சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். நாலு பேர் நடுவில் இருக்கிற ஒருவர்தான் கலகலவெனச் சிரிக்க முடியும். தனி அறையில், ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட கிழவருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால், அறையில் இல்லாத நாலு பேரை உள்ளே தள்ளிவிட்டதாக ஆகிறது.

சக்கிள் என்பது வேறு. வாய் திறக்காது, அல்லது கொஞ்சமாகத் திறக்கும். சத்தம் தொண்டையிலேயே நிற்கும், தோள் லேசாகக் குலுங்கும். பெரும்பாலும் அது தனக்குத் தானே சிரித்துக்கொள்வது. பக்கத்தில் ஆள் இருந்தாலும் அவருக்காகச் சிரிப்பதல்ல. அந்தத் தாத்தாவுக்குக் கடிதம் போலி என்று தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லப் போவதில்லை. இது அவருக்குத் தெரியும் என்பதற்குக் கதாசிரியர் வைத்த ஒரே தடயம் அந்த ஒரு சொல். கடைசிப் பக்கத்தில் அவர் வாய் திறக்கும்போது, 'அடடா, அன்று ராத்திரியே இவருக்குத் தெரிந்திருக்கிறது' என்று வாசகர் பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டும். புரட்டினால் அங்கே கலகல என்று இருக்கிறது. தடயம் போச்சு.

முதல் மெய்ப்பில் கலகல. நான் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டாவதில் 'களுக்கென்று சிரித்தார்' என்று வந்தது. இது அதைவிட மோசம். களுக் ஒரே ஒரு தடவை வெடித்து நின்றுவிடுகிற ஒலி. அடக்கி வைத்தது கைதவறி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். நம் கதைகளில் அது பெரும்பாலும் சின்னப் பெண்களின் சிரிப்பு. தாத்தாவுக்குக் கைதவறவில்லை. அவர் ஆற அமர, ருசித்துச் சிரிக்கிறார். நம் மொழியில் ஒலி இரட்டிக்கிறதா, ஒற்றையாக நிற்கிறதா என்பதிலேயே பாதி அர்த்தம் இருக்கிறது. கலகல, கடகட என்று இரட்டித்தால் சிரிப்பு நீள்கிறது. களுக், குபீர், கொல் என்று ஒற்றையாக நின்றால் அது ஒரு வெடிப்பு. அதிலும் கொல்லென்று ஒருத்தர் தனியாகச் சிரிக்கவே முடியாது, வகுப்பே சிரித்தால்தான் அது கொல். இதை யாரும் பாடம் எடுத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ் பேசுகிற எல்லோருக்கும் காதிலேயே இருக்கிறது. பேனாவை எடுத்தவுடன் மட்டும் அந்தக் காது எங்கே போகிறது?

ஆங்கிலத்திலும் சக்கிள் ஒலியிலிருந்து வந்த சொல்தான். கோழி குஞ்சுகளைக் கூப்பிடுகிற சத்தத்திலிருந்து வந்தது என்பார்கள். நம்மிடமும் கோழியிலிருந்து வந்த சொல் உண்டு, கொக்கரித்தல். ஆனால் நம் ஊர்க் கோழி முட்டையிட்டதைத் தெருவுக்கே சொல்கிறது. அதனால் கொக்கரிப்பு ஜெயித்தவனின் ஆணவமாகிவிட்டது. ஒரே பறவை, இரண்டு மொழியில் இரண்டு சிரிப்பு. வேர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று தூக்கிப் போட்டால் தாத்தா வில்லனாகிவிடுவார்.

நான் இதை மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. திருச்செந்தூர் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தால் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை தாண்டுவதற்குள் எல்லாச் சிரிப்பும் காதில் விழும். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் ஒரு செல்போனைப் பார்த்து கிக்கிக்கென்று சிரிப்பார்கள். ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி ஆரம்பிப்பாள். எதிர் இருக்கையில் ஒரு ஆச்சி, "ஏட்டி, என்னத்துக்குட்டி கெக்கெக்கேன்னு சிரிக்க?" என்று அதட்டுவாள். அதட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமே வராமல் தோள் மட்டும் ஆடச் சிரிப்பாள். அந்த ஆச்சி செய்ததுதான் சக்கிள். அவளைப் பார்த்துத்தான் நான் தாத்தாவுக்கு எழுதினேன்: 'கடிதத்தை மடித்து வைத்தார். தொண்டைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.' அவ்வளவுதான். 'கொண்டார்' என்று முடிவதிலேயே அது அவருக்கே அவருக்கான சிரிப்பு என்பது வந்துவிடுகிறது. ஆங்கிலம் தனிச்சொல் வைத்துச் செய்ததை நாம் வினைமுடிவில் செய்கிறோம். அதைத்தான் மெய்ப்புப் பார்த்தவர் வெட்டினார்.

அந்தப் பெண்ணின் கிகிள் விஷயத்தில் ஒரு தவறு என்மேல். உயில் உறையை வக்கீல் கிழிக்கும்போது அவள் சிரிக்கிறாள். சந்தோஷத்தில் அல்ல, பயத்தில். சாவு வீட்டில் அடக்க முடியாமல் வருகிற அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் தெரியும். நான் 'அவளுக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது' என்று எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்துச் சொல். இங்கிலாந்துப் பெண்ணுக்குத் திருநெல்வேலிப் பேச்சு ஒட்டாது என்றார்கள். சரி, ஒப்புக்கொண்டேன். 'வாயைப் பொத்தியும் விரலிடுக்கில் கிக்கிக்கென்று சிரிப்பு கசிந்தது' என்று மாற்றினேன். கிளுகிளு என்று போட மனம் வரவில்லை. கிளுகிளுப்புப் படம், கிளுகிளுப்புப் பாட்டு என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் வந்திருக்கும் மெய்ப்பில் அவள் வெறும் 'சிரித்தாள்'. பயந்துபோன பெண், திமிர்பிடித்த பெண்ணாகிவிட்டாள். அடுத்த வரியில் அவள் அம்மா அவள் கையை ஏன் இறுகப் பிடிக்கிறாள் என்று இனி யாருக்கும் புரியாது.

மாமாவின் கஃபா அவ்வளவு சிக்கல் இல்லை. பெரிய சத்தம், நாசூக்கு இல்லாதது, அடுத்தவர் முகத்தைப் பார்க்காதது. 'வீடு அதிர வெடித்துச் சிரித்தார்' என்றால் போதும். பொருத்தமான பழைய சொல் அட்டகாசம்தான், அதற்கு மூலப்பொருளே உரத்த சிரிப்பு. ஆனால் 'படம் அட்டகாசம்' என்று சொல்லப் பழகிவிட்ட காலத்தில் அது திரும்பி வராது.

சார்ட்டில்தான் என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது. லூயிஸ் கரோல் தன் இரண்டாவது ஆலிஸ் புத்தகத்தில், 1871-இல், ஒரு பாட்டுக்காகச் செய்த சொல் அது. சக்கிளையும் மூக்கால் விடுகிற செருமலையும் ஒட்டவைத்தது என்பார்கள். தொண்டைக்குள் நிற்க வேண்டிய சிரிப்பு சந்தோஷம் தாங்காமல் மூக்கு வழியாகவும் வந்துவிடுகிறது. சொத்து கிடைத்த அத்தை, துக்க வீடாயிற்றே என்று அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் போகிறாள். 'எக்களிப்பு மூக்கில் செருமிக்கொண்டு வந்தது' என்று எழுதினேன். முழுத் திருப்தி இல்லை, இன்றைக்கும் இல்லை. இதைவிட நல்ல சொல்லை மெய்ப்புப் பார்த்தவர் தந்திருந்தால் அந்த நிமிஷமே வாங்கிப் போட்டிருப்பேன். அவர் தந்தது கலகல.

நம்மிடம் சொல் இல்லை என்றால் விட்டுவிடலாம். மனசில் எழுவது உடம்பில் தெரிகிற மெய்ப்பாடு எட்டு என்று தொல்காப்பியம் சொல்லும்போது நகையை, அதாவது சிரிப்பைத்தான் முதலில் வைக்கிறது. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்று காரணத்தை வைத்துப் பிரிக்கிறது. ஆங்கிலம் சத்தத்தை வைத்துப் பிரித்ததை நம் ஆட்கள் மனசை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பேச்சு வழக்கில் நமட்டுச் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு, பொக்கைவாய்ச் சிரிப்பு, இளிப்பு என்று இன்னும் எத்தனை! இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு தொகுப்பு முழுக்க ஒரே கலகல. மற்றவர்கள் மொழிபெயர்த்த கதைகளையும் நேற்று புரட்டிப் பார்த்தேன். கன்னியாஸ்திரி கலகல. கொலைகாரன் கலகல. கைக்குழந்தையும் கலகல.

இன்று காலை தொலைபேசியில் கூப்பிட்டேன். "தொண்டைக்குள்ளேயே சிரிக்கிறதுன்னா இருமல் மாதிரி இருக்காதா சார்?" என்று கேட்டார். ஆச்சியைப் பற்றிச் சொன்னேன். திருச்செந்தூர் பாசஞ்சர், ஜன்னல், முந்தானை, தோள் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "எங்க அப்பாவும் அப்படித்தான் சார் சிரிப்பாவ" என்றார். மெல்ல, தொண்டைக்குள்ளேயே சிரித்தது போன் வழியாகக் கேட்டது. "அதுதான்யா! அதைத்தான் எழுதியிருக்கேன், அதைத்தான் நீங்க வெட்டினீங்க!" என்று கத்திவிட்டேன்.

திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறதாம். நாலாவது மெய்ப்பு நாளை வரும் என்றிருக்கிறார். அதிலும் தாத்தா கலகலத்தால் கதையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.